ஒரே ஜாடை, உடனே நம்பிக்கை

கேள்வி: முன்பின் தெரியாத ஒருவர் முகத்தில் நம்முடைய சாயல் இருந்தால் பார்த்ததுமே பிடித்துப்போகிறதே, நம்பலாம் என்றும் தோன்றுகிறதே. இது உண்மையிலேயே நடக்கிறதா? நடந்தால் ஏன்? கல்யாணமாகி வருஷங்கள் போனால் கணவன், மனைவி முகம் ஒன்றுபோல் ஆகிவிடும் என்கிறார்களே, அதுவும் இதில் சேருமா?

பதில்:

நடக்கிறது. ஆனால் நம்புவதும் பிடித்துப்போவதும் ஒன்றல்ல. நம் சாயலுள்ள முகத்தை நம்பத் தோன்றுகிறது என்பதற்குச் சான்று ஓரளவு உறுதியாகவே இருக்கிறது. அந்த முகம் பிடித்துப்போகிறதா என்பது, எதற்காகப் பிடிக்க வேண்டும் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு சின்னப் பரிசோதனை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

2002-இல் லிசா டிப்ரூயின் என்ற ஆய்வாளர் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தார். ஆய்வுக்கு வந்தவர்கள் இருவர் ஆடும் ஒரு பண விளையாட்டை ஆட வேண்டும். எண்களை நானே எளிமையாக்கிச் சொல்கிறேன். முதல் ஆட்டக்காரர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. 'ஆளுக்கு மூன்று' என்று உடனே பிரித்துக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடலாம். அல்லது முடிவை எதிராளியின் கையில் விட்டுவிடலாம். விட்டுவிட்டால் மொத்தத் தொகை பத்தாகப் பெருகும். எதிராளி நல்லவராக இருந்தால் ஆளுக்கு ஐந்து கிடைக்கும். சுயநலக்காரராக இருந்தால் எட்டைத் தான் எடுத்துக்கொண்டு இரண்டை மட்டும் தள்ளுவார். ஆக, முதல் ஆட்டக்காரர் செய்வது சுத்தமான நம்பிக்கை. இரண்டாமவர் செய்வது நம்பிக்கையைக் காப்பாற்றுவது அல்லது முறிப்பது. ஒரே விளையாட்டில் இந்த இரண்டையும் தனித்தனியாக அளக்க முடிகிறது.

எதிராளியின் முகம் திரையில் தெரியும். அந்த முகங்களில்தான் சூட்சுமம். சிலவற்றில், பார்ப்பவரின் சொந்த முகமே ஓர் அந்நியரின் முகத்தோடு மார்ஃபிங் முறையில் கலக்கப்பட்டிருந்தது. கண்ணோரம், மூக்கு நுனி, உதட்டு விளிம்பு, தாடைக் கோடு என்று இரண்டு முகங்களிலும் புள்ளிகள் வைத்து, அவற்றுக்கு நடுவே விழும் இடத்தில் புதிய முகத்தை வரைவது இந்த முறை. முடி, உடை ஆகியவை காட்டிக்கொடுக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கலவையில் சொந்த முகத்தின் பங்கு கூடிப்போனால் 'அட, இது நான்தானே' என்று ஆள் கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு அவர் தரும் பதிலுக்கு மதிப்பில்லை.

மார்ஃபிங் படங்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு, பலர் கவனிக்காதது. இரண்டு முகங்களைக் கலந்தாலே தோல் மழமழவென்று ஆகிவிடும், இருபக்கமும் இன்னும் சமச்சீராகும், முகம் ஓர் அழகு கூடித் தெரியும். பல முகங்களைச் சராசரியாக்கினால் அழகு கூடுகிறது என்பதை 1990-லேயே லாங்லாய்ஸும் ரோக்மனும் காட்டியிருந்தார்கள். ஆகவே, கலந்த படத்தையும் கலக்காத படத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், கலந்த படம் ஜெயிப்பதில் ஆச்சரியமே இல்லை. அதற்குச் சாயல் காரணமாக இருக்க வேண்டியதில்லை. டிப்ரூயின் இதைத் தவிர்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒப்பிடப்பட்ட இரண்டு வகைப் படங்களுமே கலவைகள்தான். ஒன்றில் ஆடுபவரின் முகம் கலந்திருக்கும், மற்றொன்றில் அவருக்குச் சம்பந்தமில்லாத வேறொருவரின் முகம். அதோடு, அச்சாக அதே படங்களை வேறு ஆட்களுக்கும் காட்டினார்கள். உங்கள் முகம் கலந்த படம் உங்களிடம் மட்டும் கூடுதல் நம்பிக்கையைப் பெற்று, எனக்கு வெறும் அந்நிய முகமாகவே பட்டால், அந்த வித்தியாசம் படத்தின் அழகால் வந்ததல்ல. முக ஒற்றுமை பற்றிய எந்த ஆய்வுச் செய்தியை வாசித்தாலும், 'அதே படத்தை வேறு ஆளுக்குக் காட்டினார்களா' என்று முதலில் தேடுங்கள். அது இல்லையென்றால் முடிவைச் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

முடிவு இரண்டு பாதியாக வந்தது. எதிராளியின் முகத்தில் தன் சாயல் இருந்தபோது ஆட்டக்காரர்கள் அவரை அதிகமாக நம்பினார்கள். அதே படங்களைப் பார்த்த வேறு ஆட்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாம் ஆட்டக்காரராக உட்கார்ந்தபோது, எதிரில் இருப்பவர் தன்னைப் போல் இருக்கிறார் என்பதற்காக யாரும் கூடுதல் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. ஏமாற்றும் அளவு அப்படியே இருந்தது. நம் சாயல் உள்ளவரை நாம் நம்புகிறோம், ஆனால் நம் சாயல் உள்ளவரிடம் நாமே கூடுதல் நாணயமாக இருப்பதில்லை. அப்படியானால் அவரும் நம்மிடம் அப்படித்தான் இருப்பார். இந்த இரண்டாம் பாதி செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

சரி, ஏன் நம்புகிறோம்? இரண்டு விளக்கங்கள் போட்டியில் இருக்கின்றன. ஒன்று பழக்கம். அடிக்கடி பார்த்த எதுவும் நமக்குப் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் காட்டினார். நம் முகத்தைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறோம், அதனால் அந்தச் சாயல் எங்கே வந்தாலும் பிடிக்கிறது என்பது வாதம். 1977-இல் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல துணை. ஒருவரின் புகைப்படத்தையும் அதை இடவலம் மாற்றிய பிரதியையும் காட்டினால், அவர் தேர்ந்தெடுப்பது கண்ணாடியில் தெரியும் வடிவத்தை. அவருடைய நெருங்கியவர்கள் தேர்ந்தெடுப்பது புகைப்படத்தில் உள்ளபடியான வடிவத்தை. அவரவர் பார்த்துப் பழகியது அவரவருக்கு அழகு. உங்கள் புகைப்படம் உங்களுக்கே ஏதோ கோணலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது விளக்கம் இரத்த உறவு. நெருங்கிய உறவினர்களுக்கிடையே பொதுவான மரபணுக்கள் இருக்கின்றன. அதனால் உறவினருக்கு உதவும் குணம், உதவுபவருக்குச் செலவு வைத்தாலும், தலைமுறைகளில் நிலைக்கலாம் என்று வில்லியம் ஹாமில்டன் 1964-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் உறவினரை எப்படி அடையாளம் காண்பது? ஒரு வழி, எதிரில் இருப்பவரின் தோற்றத்தை மனதில் பதிந்த ஓர் அச்சோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. சாயல் கூடினால் உறவாக இருக்கலாம் என்று மூளை கணிக்கிறது. பரிணாமக் காலத்தின் பெரும்பகுதியில் யாரிடமும் கண்ணாடி இருக்கவில்லை என்பதால், அந்த அச்சு நம் சொந்த முகமாக இல்லாமல், சிறு வயதில் சுற்றியிருந்த அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்களின் முகங்களிலிருந்து உருவானதாக இருக்கலாம். அவர்கள் ஜாடை நமக்கும் இருப்பதால் விளைவு ஒன்றாகவே வரும்.

இந்த இரண்டில் எது சரி என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பழக்கம்தான் காரணம் என்றால், சாயல் எல்லா வகையிலும் விருப்பத்தைக் கூட்ட வேண்டும்: நம்பிக்கை, அழகு, காதல் எல்லாவற்றிலும். உறவு என்றால் அப்படி இருக்கக் கூடாது. உறவினரை நம்ப வேண்டும், ஆனால் உடல் ஈர்ப்பு வரக் கூடாது. 2005-இல் டிப்ரூயின் இதைத்தான் சோதித்தார். எதிர்பாலினத்தவரின் முகங்களில் பார்ப்பவரின் சாயலைச் சேர்த்து மூன்று கேள்விகள் கேட்டார்: யாரை நம்புவீர்கள், நீண்டகாலத் துணையாக யார் பொருத்தம், குறுகிய கால உறவுக்கு யார் கவர்ச்சி? சாயல் நம்பகத்தன்மையைக் கூட்டியது. நீண்டகாலத் துணை விஷயத்தில் வித்தியாசம் இல்லை. வெறும் உடல் கவர்ச்சியை அது குறைத்தது. பழக்கம் என்ற ஒரே காரணத்தால் இந்த மூன்றையும் விளக்குவது கடினம். 2002 பரிசோதனையிலும் ஒரு துணைச் சான்று உண்டு. எல்லோருக்கும் பரிச்சயமான ஒரு பிரபலத்தின் சாயலைச் சேர்த்தபோது நம்பிக்கை கூடவே இல்லை.

இதோடு வழக்கு முடிந்தது என்று சொல்ல மாட்டேன். 2010-இல் ஃப்ரேலியும் மார்க்ஸும் செய்த ஆய்வில், சொந்த முகம் கலந்த படங்களை மக்கள் கூடுதல் கவர்ச்சியாகவே மதிப்பிட்டார்கள். அந்தப் படங்கள் இரத்த உறவினரின் சாயல் கொண்டவை என்று தெரியவைத்தபோதுதான் அது தலைகீழானது. இரண்டு ஆய்வுகளின் படங்களும் கேள்விகளும் வேறு என்பதால் நேராக மோதவிட முடியாது. இன்னொரு பக்கம், உடன்பிறந்தவரை அடையாளம் காண்பதில் முகத்தைவிடப் பெரிய துப்புகள் இருக்கின்றன. லீபர்மன், டூபி, காஸ்மிடிஸ் 2007-இல் காட்டியபடி, நம் தாய் அந்தக் குழந்தையைக் கைக்குழந்தையாக வளர்ப்பதை நேரில் பார்த்திருப்பதும், சிறு வயதில் எத்தனை வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தோம் என்பதும்தான் அங்கே வலுவாக வேலை செய்கின்றன. என் கணிப்பு: முகச்சாயல் உறவைக் காட்டும் சிறிய, துணைத் துப்பு. அந்நியர் கூட்டத்தில் வேறு துப்பு எதுவும் இல்லாதபோது அதன் குரல் உரக்கக் கேட்கிறது.

முதல் அறிமுகம் என்பது அப்படிப்பட்ட சூழ்நிலைதான். எவ்வளவு சீக்கிரம் முடிவு எடுக்கிறோம் என்பதை 2006-இல் வில்லிஸும் டோடரோவும் அளந்தார்கள். ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, நம்பலாமா என்று கேட்டார்கள். அந்தப் பதில்கள், நேரக் கட்டுப்பாடே இல்லாமல் பார்த்தவர்களின் பதில்களோடு நன்றாகவே ஒத்துப்போயின. நேரத்தைக் கூட்டியபோது பெரும்பாலும் கூடியது, தன் முடிவு சரி என்ற தைரியம்தான். முதலில் தோன்றியதை நாம் பிறகு சரிபார்ப்பதாக நினைக்கிறோம். பல நேரம் அதற்குக் காரணம் தேடிக்கொண்டு மட்டுமே இருக்கிறோம்.

இது ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, 2004 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி நடந்த ஒரு சோதனை நல்ல உதாரணம். ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சனும் அவர் குழுவும், நாடு முழுவதிலுமிருந்து எடுத்த வாக்காளர்களின் புகைப்படங்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது புஷ், கெர்ரி இருவர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு, புஷ் முகத்தில் அவர்களுடைய சொந்த முகம் கலந்திருந்தது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கினருக்கு கெர்ரி முகத்தில். மீதிப் பேருக்குக் கலப்பில்லாத படங்கள். கலவையில் வாக்காளரின் பங்கு சுமார் 40 சதவீதம். இவ்வளவு பிரபலமான முகங்களில் இவ்வளவு கலந்தும், தங்கள் முகம் அதில் இருப்பது வாக்காளர்களுக்குப் பிடிபடவில்லை.

கட்சிப் பிடிப்பு பலமாக இருந்தவர்களை அந்தக் கலவை அசைக்கவில்லை. பிடிப்பு தளர்ந்தவர்களும் எந்தக் கட்சியையும் சாராதவர்களும்தான் தங்கள் சாயல் உள்ள வேட்பாளர் பக்கம் சாய்ந்தார்கள். அதே குழு வேறு வேட்பாளர்களை வைத்துச் செய்த சோதனைகளில், முகம் அதிகம் தெரியாத வேட்பாளர்களிடம் இந்தச் சாய்வு தெளிவாகத் தெரிந்தது. கட்சியும் கொள்கையும் தெரிந்தால் அவையே பெரிதாக எடைபோட்டன. இதுதான் சாயலின் அளவு என்று நினைக்கிறேன். ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவோ, முடிவில் அவர் முகத்தின் பங்கு அவ்வளவு கூடுகிறது. நேர்காணலில் ஒரே தகுதி உள்ள இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கடைசிக் கணம், வாடகைக்கு வரும் அந்நியர்களில் ஒருவருக்குச் சாவி கொடுக்கும் முடிவு போன்ற இடங்களில்தான் இதைத் தேட வேண்டும். பத்து வருஷம் பழகிய நண்பரிடம் அல்ல.

சாயல் என்பது நம் முகத்தின் சாயலாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வெரோஸ்கியும் டோடரோவும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சில முகங்களோடு நல்ல செயல்களையும் சில முகங்களோடு கெட்ட செயல்களையும் இணைத்து முதலில் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அந்த முகங்களின் சாயல் லேசாகக் கலந்த புது முகங்களைக் காட்டினார்கள். நல்லவரின் சாயல் உள்ள அந்நியர் நல்லவராகப் பட்டார், கெட்டவரின் சாயல் உள்ளவர் மாட்டிக்கொண்டார். சாயலைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செய்த பிந்தைய சோதனையிலும் அந்தப் பாதிப்பு போகவில்லை. 'நான் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை' என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது, அவ்வளவுதான். அதனால் மனசாட்சியைக் கேட்டு இதைச் சரிசெய்ய முடியாது. நேர்காணல் என்றால், முகம் பார்ப்பதற்கு முன்பே கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் எழுதி வைத்துவிடுவது ஓரளவு உதவும். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதைக்கப்போதே மதிப்பெண் போட வேண்டும், கடைசியில் மொத்தமாக அல்ல. மொத்தமாகப் போடும்போதுதான் முதல் அபிப்ராயம் எல்லாவற்றின் மேலும் படர்கிறது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊர், நம் இனத்து முகங்கள் நம்பகமாகத் தெரிவதெல்லாம் தனிப்பட்ட சாயலால் அல்ல. நாம் அதிகம் பார்க்கும் முகங்களின் சராசரிக்கு அருகில் இருக்கும் முகமே நம்பகமாகத் தெரிகிறது. இஸ்ரேலிலும் ஜப்பானிலும் சோஃபரும் மற்றவர்களும் ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தந்த நாட்டவர் தங்கள் நாட்டுச் சராசரிக்கு நெருங்கிய முகத்தையே கூடுதலாக நம்பினார்கள். இது பழக்கத்தின் வேலை. இதற்கு உறவு விளக்கம் தேவையில்லை. ஒரே கூட்டத்துக்குள்ளேயே உங்களுக்கு ஒருவரும் எனக்கு வேறொருவரும் நம்பகமாகத் தெரிகிறார்கள் என்பதுதான் சாயல் ஆய்வு சொல்லும் தனிச் செய்தி.

இதுவரை சொன்னதெல்லாம் சாயலிலிருந்து நம்பிக்கைக்குப் போகும் பாதை. எதிர்த்திசையும் திறந்திருக்கிறது, அதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிக விந்தையாகப் படுவது. 2014-இல் ஃபார்மர், மெக்கே, சாக்கிரிஸ் மூவரும் நம்பிக்கை விளையாட்டை ஆடவிட்டு, ஒரு எதிராளி நாணயமாகவும் இன்னொருவர் ஏமாற்றுபவராகவும் நடந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். பிறகு ஆட்டக்காரரின் முகமும் எதிராளியின் முகமும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த படங்களைக் காட்டி, 'இது உங்களைப் போல் இருக்கிறதா, அவரைப் போல் இருக்கிறதா' என்று கேட்டார்கள். நாணயமாக நடந்தவரின் முகம், ஏமாற்றியவரின் முகத்தைவிடத் தன் முகத்துக்கு நெருங்கியதாக அவர்களுக்குத் தெரிந்தது. படம் மாறவில்லை, பார்வை மாறியது. ஆகவே 'அவர் என்னைப் போலவே இருப்பார், அதனால்தான் பார்த்ததும் பிடித்தது' என்று ஒருவர் பின்னாளில் சொல்லும்போது, எது முதலில் வந்தது என்பதற்கு அவர் நினைவு நல்ல சாட்சி அல்ல.

கணவன், மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஆய்வு வேர் உண்டு. மேலே சொன்ன அதே ஸயான்ஸ், 1987-இல் தம் சகாக்களோடு, தம்பதிகளின் திருமணக் காலப் படங்களையும் 25 வருஷம் கழித்த படங்களையும் அந்நியர்களிடம் காட்டினார். பிந்தைய படங்களில் சாயல் கூடியிருப்பதாக முடிவு வந்தது. ஒன்றாகச் சிரித்து, ஒன்றாக அழுது, முகத் தசைகள் ஒரே மாதிரி படிந்துவிடுகின்றன என்று விளக்கமும் சொல்லப்பட்டது. கேட்க இனிமையான கதை என்பதால் பாடப்புத்தகங்கள் வரை போய்விட்டது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தது 12 தம்பதிகள் மட்டுமே. 2020-இல் டீ-மேகார்னும் கொசின்ஸ்கியும் 517 தம்பதிகளின் படங்களை எடுத்து, மனிதர்களையும் முகங்களை ஒப்பிடும் மென்பொருளையும் வைத்துச் சோதித்தார்கள். தம்பதிகளின் முகங்கள் தற்செயலாகச் சேர்த்த ஜோடிகளைவிட ஒத்திருந்தது உண்மை. ஆனால் அந்த ஒற்றுமை வருஷங்களோடு கூடவில்லை. ஆரம்பத்திலேயே இருந்தது அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இருந்ததற்குத் தன் சாயலை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று உடனே முடிவுகட்டவும் வேண்டாம். மக்கள் பெரும்பாலும் தங்கள் வட்டாரத்துக்குள்ளும் தங்கள் இனத்துக்குள்ளும்தான் மணம் செய்கிறார்கள். யார் யாரையும் விரும்பித் தேடாமலேயே அந்தக் கட்டுப்பாடு மட்டுமே கொஞ்சம் ஒற்றுமையைக் கொண்டுவந்துவிடும். டிப்ரூயினின் படங்களில் நீண்டகாலத் துணை பற்றிய கேள்விக்குச் சாயல் இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நின்றது என்பதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள்.